விரும்புவதாகச் சொல்லிவிட்டு "சும்மா சொன்னேன்" என்று சிரித்தால், எதை வைத்து உண்மை என்று எடுப்பது?

இலைத்துளிர் | செவ்வாய், இரவு 9.12

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் இலை எடை எழுதுகிறேன். அங்கேயே ஆள் வருகைப் பேரேடான செக்ரோலை எழுதும் ஒருவர் இருக்கிறார். மூன்று வருடப் பழக்கம். போன வியாழன் கடைசி லாரி இலை இறக்கி முடிக்க மணி ஏழரை ஆகிவிட்டது. எடை மேசையில் நாங்கள் இருவர் மட்டும்தான். அப்போது அவர், "நீ லீவு போட்ட மூணு நாளும் இந்தப் பக்கம் வரவே பிடிக்கல. எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்றார். நான் பதில் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து "என்ன?" என்று மட்டும் கேட்டேன். உடனே சிரித்துவிட்டு, "சும்மா சொன்னேன், மூஞ்சியைப் பார்க்கணும்னு" என்று எழுந்து போய்விட்டார்.

இரவு வாட்ஸ்அப்பில் "பயந்துட்டீங்களா" என்று ஒரு வரி, பக்கத்தில் சிரிக்கிற ஸ்மைலி. மறுநாள் டீ நேரத்துக்கு வரவில்லை. திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் "இவங்களை நல்லா கலாய்ச்சுட்டேன்" என்று சொன்னார்.

உண்மையாகச் சொன்னாரா, விளையாட்டா? எதை வைத்துத் தீர்மானிப்பது? "மறந்துடு", "நேரா கேட்டுடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்.

மலைரயில் | செவ்வாய், இரவு 9.40

இதுல யோசிக்க என்னங்க இருக்கு. நூத்துக்கு நூறு உண்மை. குறிப்பறிதல் அதிகாரத்துல வள்ளுவர் சொல்லிட்டாரே, "யான்நோக்குங் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்". மனசுல இருக்கிறது சிரிப்பாத்தான் வெளிய வரும். அவர் சிரிச்சப்ப கண்ணோரம் சுருங்குச்சான்னு யோசிச்சுப் பாருங்க. சுருங்கியிருந்தா நிஜச் சிரிப்பு. வாய் மட்டும் சிரிச்சிருந்தா மறைக்கிறார்னு அர்த்தம். கண்ணு பொய் சொல்லாது.

லவ்டேல் | செவ்வாய், இரவு 10.25

மலைரயில், குறளை நீங்கள் திருப்பிப் பிடித்திருக்கிறீர்கள். அந்த 1094-ஆம் குறளில் பேசுபவன் காதலன். அவளுடைய சிரிப்புக்கு அவன் சொல்லும் பொருள் அது. ஏற்கெனவே ஆசைப்படுகிறவன் கண்ணுக்கு அந்தச் சிரிப்பு எப்படித் தெரிகிறது என்பதைத்தான் அந்தக் குறள் காட்டுகிறது. அவள் மனதில் என்ன என்பதற்கு அங்கே வேறு சாட்சி இல்லை. இந்தப் பெண் கேட்பதோ அந்தச் சாட்சியை.

கண்ணோரச் சுருக்கமும் உதவாது. அதை வேண்டுமென்றே வரவழைக்கப் பலரால் முடியும். பொய்யையும் உண்மையையும் பார்த்தும் கேட்டும் பிரிக்கச் சொன்ன ஆய்வுகள் பலவற்றைச் சேர்த்து 2006-ல் ஒரு பெரிய தொகுப்பு வந்தது. சரியாகச் சொன்னது சராசரியாக 100-க்கு 54. காசு சுண்டிப் போட்டாலே 50 வரும். அதுவும் அப்போதே பார்த்தும் கேட்டும் சொன்னவர்கள் கணக்கு. ஐந்து நாள் கழித்து, மங்கலான வெளிச்சத்தில் பார்த்த முகத்தை நினைவிலிருந்து எடுத்துப் படிப்பது அதைவிட மோசம்.

இங்கே ஒரே ஒரு கேள்விதான் வேலை செய்யும். அவர் நிஜமாகச் சொல்லியிருந்தால் இப்படி நடந்திருக்குமா, விளையாட்டுக்குச் சொல்லியிருந்தாலும் இப்படியேதான் நடந்திருக்குமா? இரண்டிலும் ஒரே மாதிரி நடக்கும் என்றால் அந்த அடையாளத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். மறுநாள் டீக்கு வராதது அப்படிப்பட்டது. மனதைச் சொல்லித் தோற்றவனும் வரமாட்டான். கேலி எல்லை மீறிவிட்டது என்று கூசுகிறவனும் வரமாட்டான்.

குன்னூர் அக்கா | செவ்வாய், இரவு 11.03

லவ்டேல் சொன்ன கேள்வியை அப்படியே வைத்துக்கொள்வோம். தம்பி, தங்கைகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பதால் இந்த "சும்மா" அடிக்கடி என் மேசைக்கு வரும். துளிர், முதலில் ஒரு வேலை செய்யுங்கள். நினைவில் இருப்பதை ஒரு தாளில், அவர் பேசிய பேச்சாகவே எழுதுங்கள். உங்கள் விளக்கம் ஒரு சொல்கூட வேண்டாம். ஒவ்வொரு நாளும் இதைத் திரும்பத் திரும்ப நினைக்கும்போது வாக்கியம் கொஞ்சம் கொஞ்சமாக நம் ஆசைப்பக்கமோ பயத்தின் பக்கமோ நகர்ந்துவிடும். உறுதியாகத் தெரிந்த சொல்லுக்குக் கீழே கோடு போடுங்கள். "இப்படித்தான் இருந்திருக்கும்" என்பதற்குக் கோடு வேண்டாம்.

பிறகு இதற்கெல்லாம் பதில் சொல்லுங்கள். அன்றுவரை உங்களை எப்படிக் கூப்பிடுவார், நீங்களா, நீயா? நீங்கள் அவரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? முதலில் சிரித்தது யார்? அப்போது யாராவது வந்தார்களா? மற்றவர்களைக் கலாய்க்கிற பழக்கம் அவருக்கு உண்டா, உண்டென்றால் கலாய்த்ததை எத்தனை நேரத்தில் போட்டு உடைப்பார்?

இலைத்துளிர் | புதன், காலை 6.50

அக்கா, எழுதிப் பார்த்தேன். "மூணு நாளும்", "உன்னைப் பிடிச்சிருக்கு" இரண்டுக்கும் கோடு போட்டேன். "வரவே பிடிக்கல" என்றாரா "வரத் தோணல" என்றாரா என்பது இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அன்றுவரை எப்போதும் "நீங்க"தான். எல்லாப் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுவார். நான் அவரைப் பெயரோடு அண்ணா சேர்த்துச் சொல்வேன், அங்கே எல்லாரும் சொல்வதுபோல. முதலில் சிரித்தது அவர். நான் சிரிக்கவில்லை. யாரும் வரவில்லை. மாடியில் இலை வாட்டுகிற ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் அதிகம்.

கலாய்க்கிற ஆள்தான். ஒருமுறை டிரைவரிடம் "உனக்கு டிரான்ஸ்ஃபர் வந்திருக்கு" என்று சொல்லி ஏமாற்றினார். ஐந்து நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை, நான்கைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு அவரே சிரித்துவிட்டார்.

குன்னூர் அக்கா | புதன், காலை 9.30

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இதில் இரண்டு விஷயம் கனமானவை.

முதலாவது, அந்த "நீ". மூன்று வருடமாக "நீங்க" என்றவர் அந்த இரண்டு வாக்கியத்துக்கு மட்டும் "நீ"க்கு இறங்கியிருக்கிறார். இரவு எழுதியது "பயந்துட்டீங்களா". திங்கட்கிழமை "இவங்களை". அதாவது "நீ"யிலிருந்து அன்று இரவே பழைய "நீங்க"வுக்குத் திரும்பிவிட்டார். கலாய்க்கிறவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் சாதாரணமாக வராது. கேலி நடப்பது ஏற்கெனவே இருக்கிற உறவின் மேல். "நீங்க" என்று பேசுகிற உறவென்றால் "உங்களைப் பிடிச்சிருக்குங்க மேடம்" என்று இழுத்துச் சொல்லித்தான் கேலி செய்வார்கள். அந்த இழுப்பிலேயே கேலி தெரிந்துவிடும். மரியாதையைக் கழற்றி வைத்துவிட்டுத் தணிந்த குரலில் சொல்வது, இன்னொருவரிடம் நெருங்கலாமா என்று கேட்பது.

இரண்டாவது, பார்க்க ஆளில்லாதது. டிரைவரை ஏமாற்ற நான்கைந்து பேரைக் கூட்டினார், ஐந்து நிமிஷத்தில் உடைத்தார். அதுதான் அவருடைய விளையாட்டின் அளவு. உங்களிடம் சொன்னபோது பார்க்க யாரும் இல்லை. ஊருக்குச் சொன்னது நான்கு நாள் கழித்து. வேறு எந்தப் பொது இலக்கணத்தையும்விட, அதே மனிதர் வேறு நேரத்தில் எப்படி விளையாடுவார் என்பதோடு ஒப்பிடுவதுதான் நல்ல அளவுகோல்.

லவ்டேல் | புதன், காலை 10.15

ஆளில்லாதது பற்றி ஒத்துக்கொள்கிறேன். "நீ" பற்றி முழுதாக ஒத்துக்கொள்ள முடியவில்லை. "உன்னைப் பிடிச்சிருக்கு" என்பது அச்சில் வார்த்த வாக்கியம். சினிமாவிலும் சீரியலிலும் அப்படித்தான் கேட்டிருக்கிறோம். "உங்களைப் பிடிச்சிருக்கு" என்றால் பெண் பார்க்க வந்த வீட்டுப் பேச்சாகிவிடும். விளையாட்டுக்குச் சொல்கிறவனும் அந்த அச்சைத்தான் எடுப்பான், "நீ" அதோடு ஒட்டிக்கொண்டு வரும்.

குன்னூர் அக்கா | புதன், காலை 10.48

நியாயமான மறுப்பு. அதனால்தான் அதற்கு முந்தைய வாக்கியத்தைப் பார்க்கச் சொல்கிறேன். "நீ லீவு போட்ட மூணு நாளும்" என்பது எந்த அச்சிலும் இல்லை. இவருக்கென்றே கட்டிய வாக்கியம், அதிலேயே "நீ" வந்துவிட்டது. அச்சு வாக்கியம் அதன் பிறகுதான்.

விவரம் இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். ஏமாற்றுவதற்கு "உன்னைப் பிடிச்சிருக்கு" மட்டும் போதும். மூன்று நாளைச் சேர்க்க வேண்டிய தேவை இல்லை.

லவ்டேல் | புதன், காலை 11.05

ஆனால் அவர் செக்ரோல் எழுதுகிறவர். யார் எத்தனை நாள் லீவு என்பது அவர் கையெழுத்திலேயே இருக்கிறது. மூன்று நாள் என்று தெரிந்திருப்பதற்கு மனம் தேவையில்லை, பேரேடு போதும்.

துளிர், அந்த மூன்று நாளைப் பற்றி அவருக்குத் தெரிந்த வேறு ஏதாவது உண்டா? பேரேட்டில் இருக்க வாய்ப்பில்லாத ஏதாவது?

இலைத்துளிர் | புதன், மதியம் 1.20

அதை நான் யோசிக்கவே இல்லை அண்ணா. ஆமாம், செக்ரோலில் எல்லார் லீவும் அவருக்குத் தெரியும்.

வேறு ஒன்று உண்டு, பெரிதா தெரியவில்லை. லீவு முடிந்து வந்த அன்று என் மேசையில் எடைச் சீட்டெல்லாம் தேதி வாரியாக அடுக்கி நூல் கட்டி இருந்தது. என் இடத்துக்கு வந்தவர் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. இவர்தான் மாலையில் வந்து அடுக்கினார் என்று காவல்காரத் தாத்தா சொன்னார். அது அவருடைய வேலை இல்லை. அவரும் என்னிடம் சொல்லவில்லை.

லவ்டேல் | புதன், மதியம் 1.52

இது பெரிதுதான். சொல்வதற்கு முன்னால் நடந்தது, உங்களுக்குத் தெரியவேண்டும் என்று செய்யாதது, அவர் சொன்னதோடு பொருந்துவது. இன்னொன்றும் தெரிகிறது. "இந்தப் பக்கம் வரவே பிடிக்கல" என்று சொன்னவர் மாலையில் வந்திருக்கிறார். வாக்கியம் மிகைதான். ஆனால் வந்து உட்கார்ந்து இன்னொருவர் சீட்டை அடுக்கியது விளையாட்டுக் கணக்கில் சேராது. நல்ல மனிதர், யார் லீவு போட்டாலும் செய்வார் என்றால் மட்டும் இதன் எடை குறையும். வேறு யாருக்காவது அப்படிச் செய்திருக்கிறாரா என்று தெரிந்தால் பாருங்கள். விசாரிக்கக் கிளம்ப வேண்டாம்.

வண்டிச்சோலை | புதன், மாலை 4.30

எல்லாரும் காதல் கணக்கே போடுகிறீர்கள். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. இருட்டிய பிறகு, தனியாக இருக்கும்போது ஒரு பெண்ணிடம் இப்படிச் சொல்லிவிட்டு, பிறகு எல்லார் முன்னாலும் அவளைக் கேலிப் பொருளாக்கியிருக்கிறார். வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு எதிராக 2013-ல் வந்த சட்டம் இருக்கிறது. 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். குறைவென்றால் மாவட்ட அளவில் குழு உண்டு. சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தேதி போட்டு எழுதி வையுங்கள், அந்த வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள்.

குன்னூர் அக்கா | புதன், மாலை 5.10

வண்டிச்சோலை சொன்னதைத் தள்ள முடியாது. மனம் உண்மையா என்பதும் நடத்தை சரியா என்பதும் வேறு வேறு கேள்வி. உண்மையாக விரும்புகிறவரும் தொல்லை கொடுக்க முடியும். துளிர், ஒன்றைச் சொல்லுங்கள். உங்களுக்கு அன்று பயமாக இருந்ததா? இனி தனியாக இருக்கக் கூசுகிறதா? உங்கள் சம்பளம், லீவு எதுவும் அவர் கையில் இருக்கிறதா?

இலைத்துளிர் | புதன், இரவு 8.15

பயம் இல்லை. ஒருமுறைதான் சொன்னார், பிறகு ஒதுங்கித்தான் இருக்கிறார். செக்ரோலை மேனேஜர் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார், தனியாக இவரால் எதையும் மாற்ற முடியாது. திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னதுதான் வலித்தது. வண்டிச்சோலை அண்ணா, தேதி எழுதி வைக்கிறேன், நன்றி.

பூம்பாறைப் பூண்டு | புதன், இரவு 9.05

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இதே மாதிரி நானும் ஒருவரிடம் நிஜமாகச் சொல்லிவிட்டு, அவங்க முகம் மாறியதும் "ஏப்ரல் ஃபூல்" என்று முடித்துவிட்டேன். ஏப்ரல்கூட இல்லை. ஆனால் நான் நிஜமாகத்தான் சொன்னேன் என்பது அவங்களுக்குக் கண்டிப்பாகத் தெரிந்திருக்கும். அவ்வளவு வெளிப்படையாக நடந்துகொண்டேன். ஆறு மாதமாக அவங்க எதுவும் பேசாததற்கு "வேண்டாம்" என்றுதானே அர்த்தம்?

குன்னூர் அக்கா | புதன், இரவு 9.50

இல்லை தம்பி. அவங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் நெஞ்சு அடித்துக்கொள்வது நமக்குக் கேட்பதால் எதிரில் இருப்பவருக்கும் கேட்கும் என்று நினைத்துவிடுகிறோம். நிராகரிப்புக்குப் பயப்படுகிறவர்கள் தாங்கள் காட்டிய சிறு குறிப்பை, காட்டியதைவிடப் பெரிதாகவே எண்ணிக்கொள்கிறார்கள் என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் கணக்கில் நீங்கள் மனதைத் திறந்து காட்டியிருக்கிறீர்கள். அவங்க காதில் கடைசியாக விழுந்தது "ஏப்ரல் ஃபூல்". அதைத்தான் நம்பியிருப்பாங்க. ஆறு மாத மௌனம் நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில் ஆகாது. உங்களுக்கு விவரமாகச் சொல்லத் தனி இழை போடுங்கள்.

ஆனால் நீங்கள் வந்தது துளிருக்கு உதவும். "முகம் மாறியதும்" என்றீர்களே, அந்த இடம்தான் இங்கேயும். துளிர், நீங்கள் "கொஞ்ச நேரம்" பேசாமல் இருந்தீர்கள். அது எத்தனை வினாடி இருக்கும்?

இலைத்துளிர் | வியாழன், காலை 6.30

பத்து வினாடி இருக்கும் என்று தோன்றுகிறது.

குன்னூர் அக்கா | வியாழன், காலை 9.15

பத்து வினாடி இருந்திருக்காது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு பத்து வினாடி வாயை மூடி எதிரில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். மூன்று வினாடி என்று வைத்துக்கொள்வோம். அதுவே மிக நீளம். பேச்சில் ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் இடைவெளியைப் பத்து மொழிகளில் அளந்தார்கள், 2009-ல் வெளியானது. சராசரி ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. தமிழ் அந்தப் பத்தில் இல்லை, ஆனால் அளந்த மொழிகள் ஒன்றுக்கொன்று அதிகம் விலகவில்லை. ஒத்துக்கொள்ளும் பதில் சட்டென்று வரும், மறுக்கும் பதில் தாமதமாக வரும் என்பது எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். அதனால் தாமதத்தையே மறுப்பாகக் கேட்டுவிடுகிறோம்.

அவர் பக்கம் நின்று பாருங்கள். சொல்லியாகிவிட்டது. ஒரு வினாடி, இரண்டு, மூன்று. பிறகு "என்ன?" என்று வருகிறது. நீங்கள் கேட்டது அதிர்ச்சியில். மேலே ஃபேன் சத்தத்தில் அது "என்ன பேச்சு இது" என்பதுபோலவும் விழுந்திருக்கலாம், காதில் சரியாக விழவில்லை என்று நீங்கள் கேட்டதாகவும் விழுந்திருக்கலாம். எதுவானாலும் இன்னொரு தடவை அதைச் சொல்லும் துணிவு அவருக்கு இல்லை. சிரிப்பு அந்த இடத்தில்தான் வந்தது. முன்னாலேயே யோசித்து வைத்த கேலியென்றால் உங்கள் "என்ன?"தான் அவருக்குக் கொண்டாட்டமான கட்டம். உட்கார்ந்து அனுபவித்திருப்பார். இவர் எழுந்து போய்விட்டார்.

லவ்டேல் | வியாழன், காலை 9.58

எழுந்து போனதுக்கு நான் அக்கா அளவுக்கு எடை கொடுக்கமாட்டேன், கேலி பலிக்காவிட்டாலும் எழுந்து போவார்கள். ஆனால் சிரிப்பு எதற்குப் பின்னால் வந்தது என்பது முக்கியம். சொல்லும்போதே சிரிப்பு கலந்திருந்தால் விளையாட்டு. சொல்லி முடித்து, பதிலுக்குக் காத்திருந்து, பதில் சரியில்லை என்றதும் வந்த சிரிப்பு பின்வாங்கல். உங்கள் குறிப்புப்படி இரண்டாவது.

திங்கட்கிழமை பேச்சை எப்படி எடுப்பது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அன்று யாராவது ஏதாவது கேட்டதால் சொன்னாரா, அவராகவே ஆரம்பித்தாரா?

இலைத்துளிர் | வியாழன், மதியம் 1.05

தூளைத் தரம் பிரிக்கிற சார்ட்டிங்கில் வேலை செய்கிற அக்கா, "என்ன, ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லை" என்று கேட்டார். அதற்குத்தான் அப்படிச் சொன்னார்.

குன்னூர் அக்கா | வியாழன், மதியம் 2.20

அப்படியென்றால் அது கேட்ட கேள்விக்குப் போட்ட மூடி. உங்களுக்கு வலித்தது நிஜம், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நம் ஊர்ப்பக்கம் ஒரு ஃபேக்டரி, ஒரு பஸ், ஒரு கடைத்தெரு. அந்த அக்கா காதில் ஒன்று விழுந்தால் மாலைக்குள் இரண்டு வீட்டுக்கும் போய்ச் சேரும். இருவரும் வேறு வேறு சாதி என்றால் அதற்கு ஆகும் விலை உங்களுக்கே தெரியும். நிஜமாக விரும்புகிறவருக்கும் அந்த இடத்தில் "கலாய்ச்சேன்" என்பதைத் தவிர வேறு பதில் இருந்திருக்காது. அதனால் திங்கட்கிழமையை எந்தப் பக்கமும் சேர்க்க வேண்டாம்.

மலைரயில் | வியாழன், மாலை 6.00

அப்ப நான் முதல்ல சொன்னதுதானே முடிவு, உண்மைன்னு! சரி, உறுதி பண்ணிக்க ஒரு வழி. அந்த சார்ட்டிங் அக்காவை விட்டே மெதுவா கேட்கச் சொல்லுங்க. இல்லேன்னா வீட்ல மாப்பிள்ளை பார்க்கிறாங்கன்னு அவர் காதுல விழற மாதிரி சொல்லுங்க. முகம் வாடினா உண்மை.

லவ்டேல் | வியாழன், மாலை 6.35

முடிவு ஒன்றாக இருக்கலாம், வழி ஒன்றில்லை மலைரயில். இரண்டு யோசனையும் காரியத்தைக் கெடுக்கும். மூன்றாவது ஆள் போய்க் கேட்டால் அவருக்குப் பார்வையாளர் வந்துவிட்டார். திங்கட்கிழமை சொன்ன பதிலைத்தான் திரும்பச் சொல்வார், இந்த முறை இன்னும் அழுத்தி. இரண்டு தடவை ஊரறியச் சொன்னதை மூன்றாவது தடவை மாற்றுவது மிகவும் கஷ்டம். மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்ற பொய்யில் முகம் வாடினாலும் ஒன்றும் தெரியாது. நல்ல மனிதர், வழி மறிக்கக்கூடாது என்று ஒதுங்கிக்கொள்வார். கேட்டது பொறாமை காட்டுகிறாரா என்று பார்க்க, கிடைப்பது கதவைச் சாத்துவது.

குன்னூர் அக்கா | வியாழன், இரவு 8.40

துளிர், இதுவரை வந்ததைத் தூக்கிப் பார்த்தால் உண்மைப் பக்கம்தான் தாழ்கிறது. சீட்டு அடுக்கியது, ஆளில்லாத இடம், விளையாட்டை எல்லார் முன்னாலும் உடைக்கும் அவருடைய வழக்கமான வேகம் இங்கே இல்லாதது, பிறகு கொஞ்சம் குறைவான எடையில் அந்த "நீ". இது எவ்வளவு ஆழம், கல்யாணம் வரை யோசித்தாரா என்பதெல்லாம் இந்த அடையாளங்களில் தெரியாது. அன்று மாலை மனதில் இருந்ததைச் சொன்னார் என்பதுவரைதான் இவை போகும்.

இதற்கு மேல் தெரிய அவர் வாயைத் திறக்க வேண்டும். அதற்கு முன் உங்களிடம் ஒரு கேள்வி. அது உண்மை என்றால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? வேண்டாம் என்றால் கிளறவே வேண்டாம். அவர் போட்ட மூடியை அப்படியே விட்டுவிடுவதுதான் இருவருக்கும் நல்லது.

இலைத்துளிர் | வியாழன், இரவு 10.30

இரண்டு நாளாக அதைத்தான் யோசிக்கிறேன். வேண்டாம் என்று சொல்லமாட்டேன் அக்கா. ஆனால் நான் முதலில் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது.

"அன்னைக்குச் சொன்னது விளையாட்டா, நிஜமா?" என்று கேட்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறேன்.

குன்னூர் அக்கா | வெள்ளி, காலை 7.10

அந்தக் கேள்வி வேண்டாம். "விளையாட்டா, நிஜமா" என்று கேட்டால் அவருக்குச் சுலபமான பதில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஏற்கெனவே இரண்டு தடவை சொன்ன பதில். அதோடு அது ஒரு விசாரணை மாதிரி விழும்.

கேள்வியாகக் கேட்காமல் உங்கள் பக்கத்துத் தகவலாகச் சொல்லுங்கள். "அன்னைக்கு நான் பேசாம இருந்தது கோபத்துல இல்ல. எதிர்பார்க்கல, அவ்வளவுதான்." இதோடு நிறுத்திவிட வேண்டும். அவர் மூன்று வினாடி மௌனத்தை மறுப்பு என்று எடுத்திருந்தால் இது அந்தக் கணக்கைத் திருத்திவிடும். விளையாட்டாகவே சொல்லியிருந்தால் "ஐயோ, நானும் சும்மாதான்" என்பார், உங்களுக்கும் ஒன்றும் போகவில்லை. நீங்கள் விரும்புவதாக இதில் எங்கும் சொல்லவில்லை. அன்று மட்டும் "அண்ணா"வை விட்டுவிட்டுப் பேசுங்கள். அந்தச் சொல் இருந்தால் மற்ற எல்லாச் சொல்லையும் அது அடைத்துவிடும்.

லவ்டேல் | வெள்ளி, காலை 8.00

வாக்கியம் சரி. எழுத்தில் அனுப்புவது நல்லது என்பேன். நேரில் சொன்னால் அவருக்கு மறுபடி இரண்டு வினாடிதான் கிடைக்கும், பதற்றத்தில் பழைய சிரிப்புக்கே ஓடிவிடுவார். மெசேஜ் என்றால் யோசிக்க ஓர் இரவு இருக்கிறது.

குன்னூர் அக்கா | வெள்ளி, காலை 8.22

எனக்கு மாற்றுக் கருத்து. வாட்ஸ்அப்பில் போட்டது இன்னொருவர் போனுக்குப் போக ஒரு நொடி ஆகாது. நம் பக்கம் அதில் சேதப்படுவது பெரும்பாலும் பெண்தான். நேரில், பகலில், வேலை நடுவில், அவர் உடனே நகர்ந்துபோக வழியுள்ள இடத்தில் சொல்லலாம். யோசிக்க நேரம் வேண்டுமென்றால் சொல்லிவிட்டு நீங்களே முதலில் போய்விடுங்கள்.

வண்டிச்சோலை | வெள்ளி, காலை 9.00

இந்த இடத்தில் நான் அக்கா பக்கம். எழுத்தில் வேண்டாம்.

இலைத்துளிர் | திங்கள், இரவு 9.25

இன்று மதியம் லாரி வருவதற்கு முன் சொன்னேன். அக்கா சொன்ன வாக்கியம்தான், "அண்ணா" இல்லாமல். சொல்லிவிட்டு எடைச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போய்விட்டேன். அவர் சிரிக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது, "நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றார். "சொல்றேன் உங்ககிட்ட" என்று மறுபடியும் சொன்னார். அவ்வளவுதான்.

மலைரயில் | திங்கள், இரவு 9.31

விளையாட்டுக்குச் சொன்னவருக்கு யோசிக்க என்னங்க இருக்கு! முடிஞ்சது.

லவ்டேல் | திங்கள், இரவு 9.58

இந்த முறை மலைரயில் சொல்வதில் பாதி சரி. விளையாட்டென்றால் "சும்மாதான்" என்று அங்கேயே முடித்திருப்பார், யோசிக்க வேண்டிய கேள்வியே இல்லை. அன்று சொன்னது நிஜம் என்பதை நான் இப்போது ஏற்கிறேன். ஆனால் "யோசிக்கிறேன்" என்பது இன்று என்ன செய்யப் போகிறார் என்பதைச் சொல்லவில்லை. வீட்டை நினைத்து யோசிக்கலாம், எப்படி நழுவுவது என்றும் யோசிக்கலாம்.

குன்னூர் அக்கா | திங்கள், இரவு 10.20

இனி நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம் துளிர். உங்கள் முறை முடிந்தது. இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள், மனதுக்குள் மட்டும், அவரிடம் சொல்லாமல். அதுவரை வழக்கம்போலப் பேசுங்கள், டீக்கு வந்தால் உட்காருங்கள். அதற்குள் வந்து பேசாமல் மறுபடி கேலியில் தொட்டுப் பார்த்தால், அன்றைய மனம் நிஜமாகவே இருந்தாலும் அதைச் சுமக்க அவர் தயாராக இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இலைத்துளிர் | திங்கள், இரவு 10.41

சரி அக்கா. அடுத்த வாரம் கணக்கு முடிக்கிற நாள், எப்படியும் ஒரே மேசையில்தான் உட்கார வேண்டும். பார்க்கிறேன்.